இரண்டு பட்டியலிலும் இருப்பவரை இருமுறை எண்ணாதீர்கள்

தொலைபேசிக் கணக்கெடுப்பைத் திட்டமிடும் குழுவினருக்கு,

வணக்கம். லேண்ட்லைன் பட்டியல் ஒன்று, செல்போன் பட்டியல் ஒன்று, இரண்டிலிருந்தும் தனித்தனியாக மாதிரி எடுக்கப்போகிறீர்கள் என்று அறிந்தேன். தனித்தனியே பார்த்தால் எந்தப் பட்டியலும் முழுமையில்லை என்பதால் இரண்டையும் சேர்ப்பது சரியான முடிவுதான். ஆனால் உங்கள் வரைவுக் கேள்வித்தாளில், செல்போன் மாதிரியில் வருபவரிடம் "லேண்ட்லைன் இருக்கிறதா?" என்ற கேள்வியே இல்லை. அது இல்லாமல் பிற்பாடு எந்தக் கணக்கும் சரியாக வராது. அதனால்தான் இந்த மடல்.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். எண்களை நானே எளிமையாக வைத்துக்கொள்கிறேன். ஒரு குடும்பத்துக்குப் பட்டியலில் ஓர் எண்தான். லேண்ட்லைன் பட்டியலில் 6,000 குடும்பங்கள், அதிலிருந்து 300 மாதிரி. ஒவ்வொன்றும் 20 குடும்பங்களைக் குறிக்கும். செல்போன் பட்டியலில் 10,000, மாதிரி 400. ஒவ்வொன்றின் எடை 25. லேண்ட்லைன் மாதிரியில் 195 பேர் "செல்போனும் உண்டு" என்கிறார்கள். அதாவது இரண்டிலும் இருப்பவை 3,900 குடும்பங்கள். செல்போன் மாதிரியில் 164 பேர் "லேண்ட்லைனும் உண்டு" என்கிறார்கள். அப்படிப் பார்த்தால் 4,100. இரண்டும் ஒரே கூட்டத்தைப் பற்றிய இரண்டு மதிப்பீடுகள்.

இப்போது இரண்டு மாதிரியையும் அப்படியே அடுக்கிக் கூட்டினால் மொத்தம் 16,000 குடும்பங்கள் என்று வரும். உண்மையில் இருப்பது 12,000-க்கு அருகில். மொத்தம் வேண்டாம், சதவீதம் மட்டும் போதும் என்று சிலர் சொல்வார்கள். அதுவும் தப்பாகவே வரும். கடந்த ஆண்டில் மருத்துவமனையில் யாரையாவது சேர்த்த குடும்பங்களைக் கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். லேண்ட்லைன் மட்டும் உள்ளவற்றில் 420, இரண்டும் உள்ளவை லேண்ட்லைன் வழியே 1,920, செல்போன் வழியே 2,100, செல்போன் மட்டும் உள்ளவற்றில் 1,475. அடுக்கிக் கூட்டினால் 16,000-த்தில் 5,915, கிட்டத்தட்ட 37 சதவீதம். இரண்டிலும் இருப்பவர்களின் இரு மதிப்பீடுகளிலும் பாதியை மட்டும் எடுத்தால் 12,000-த்தில் 3,905, அதாவது 32.5 சதவீதம். இரண்டு போனும் வைத்திருப்பவர்கள் மற்றவர்களிலிருந்து வேறுபட்டிருந்ததால் வந்த பிழை இது.

பாதி பாதி என்பது ஒரு தேர்வு மட்டுமே. 1962-ல் புள்ளியியலாளர் ஹார்ட்லி முன்வைத்த மதிப்பீட்டு வாய்பாடு இதைப் பொதுவாக எழுதுகிறது:

```
Y = Ya + p*Yab(A) + (1-p)*Yab(B) + Yb
```

Ya லேண்ட்லைன் மட்டும் உள்ளவர்களின் மதிப்பீடு, Yb செல்போன் மட்டும் உள்ளவர்களின் மதிப்பீடு. Yab(A), Yab(B) இரண்டும் உள்ளவர்களுக்கு முறையே லேண்ட்லைன் வழியேயும் செல்போன் வழியேயும் கிடைப்பவை. p என்பது லேண்ட்லைன் வழி மதிப்பீட்டுக்குத் தரும் பங்கு. p எதுவாக இருந்தாலும் பங்குகள் கூடி 1 ஆவதால் இருமுறை எண்ணுவது நின்றுவிடும். சிதறல் மிகக் குறையும் p-ஐத் தேடலாம்தான், ஆனால் அது கேள்விக்குக் கேள்வி மாறும். மருத்துவமனைக் கேள்விக்கு ஒரு p, வருமானத்துக்கு இன்னொரு p என்றால் அட்டவணைகள் ஒன்றோடொன்று கூடிவராது. ஒரே p-ஐ வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் கோரிக்கை. சுலபமான வழி ஒன்று உண்டு. இரண்டிலும் இருக்கும் குடும்பம் லேண்ட்லைன் வழியே 20-ல் ஒன்று, செல்போன் வழியே 25-ல் ஒன்று என்ற வாய்ப்பில் வருகிறது. கூட்டினால் 0.05 + 0.04 = 0.09. எந்த வழியில் வந்தாலும் அதற்கு 1/0.09, அதாவது சுமார் 11.1 என்ற எடையைக் கொடுத்துவிடுங்கள். p தானாகவே 0.56 ஆகிவிடும்.

இதெல்லாம் பதில் உண்மையாக இருந்தால்தான். நான் மேற்பார்வையிட்ட ஒரு கணக்கெடுப்பின் ஒலிப்பதிவு இன்னும் நினைவில் இருக்கிறது. "வீட்டில் லேண்ட்லைன் இருக்கா?" "இல்லைங்க." அடுத்த கேள்வி முடியும் முன்னே பின்னால் லேண்ட்லைன் மணி அடிக்கிறது. அவர் பொய் சொல்லவில்லை. அதை அவர் எடுப்பதே இல்லை, அவ்வளவுதான். ஆனால் நம் கணக்கில் அவர் 11.1-க்குப் பதிலாக 25 எடையோடு நுழைகிறார். அப்படி 40 பேர் நுழைந்தால், பாதி பாதிக் கணக்கிலேயே 500 குடும்பங்கள் இல்லாத இடத்திலிருந்து முளைக்கும்.

இதைக் கண்டுபிடிக்க முடியும். அந்த 40 பேர் விலகினால் செல்போன் வழியே வரும் மதிப்பீடு 124 × 25 = 3,100. லேண்ட்லைன் வழியே 3,900. இந்த வித்தியாசத்தின் திட்டப்பிழை ஏறக்குறைய 280. 800 என்பது அதைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு; தற்செயல் என்று விட்டுவிட முடியாது. முந்தைய 3,900, 4,100 வித்தியாசம் அப்படியல்ல, அது இயல்பான ஆட்டம். பெரிய இடைவெளிக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம்: இரண்டும் உள்ளவர்கள் ஒரு போனில் மட்டும் எளிதில் பதில் சொல்பவர்களாக இருப்பது. அதனால் "இருக்கிறதா?" என்று மட்டும் கேட்காமல், "அதில் அழைப்பு வந்தால் எடுப்பீர்களா?" என்றும் இரண்டு மாதிரியிலும் கேளுங்கள். களப்பணி தொடங்கிய முதல் வாரத்திலேயே இந்த இரண்டு மதிப்பீடுகளையும் ஒப்பிடுங்கள். பணி முடிந்தபின் கேள்வியைத் திருத்த வழியில்லை.

அப்புறம், இரண்டு பட்டியலிலும் இல்லாத குடும்பங்கள். அவர்களுக்கு எந்த p-யும் உதவாது. அவர்கள் விடுபட்டிருப்பதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
மாதிரிக் கணக்கெடுப்புப் பணியில் இருக்கும் ஒருவர்