எங்கள் நிறம் எது என்று கேட்டீர்கள், ரிட்டர்ன் எத்தனை என்று கேட்கவில்லை

இணைய விளம்பர நிறுவனங்களை நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம். நான் சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலை வியாபாரம் செய்கிறவன். புது வாடிக்கையாளர் முன்பணம் கட்டியதும், விளம்பரம் தொடங்குவதற்கு முன்பாக நீங்கள் ஒரு கேள்விப் படிவம் அனுப்புவீர்கள் அல்லவா, அதைப் பற்றித்தான் இந்த மடல். கடந்த தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பு உங்களில் ஒருவர் எனக்கும் அதை அனுப்பினார். நானும் என் மகளும் இரண்டு இரவு உட்கார்ந்து அதை நிரப்பினோம்.

மொத்தம் 46 கேள்விகள். எங்கள் பிராண்டு ஒரு மனிதராக இருந்தால் எப்படிப் பேசுவார், பிடித்த நிறங்கள் எவை, போட்டியாளர்கள் மூவர் யார், வாங்குகிறவரின் வயது என்ன, அவர் எந்த நடிகையை ரசிப்பார் என்றெல்லாம் இருந்தது. ஒரு சேலை விற்றால் என் கையில் எவ்வளவு நிற்கும் என்று ஒரு கேள்வி இல்லை. நூறு பார்சல் அனுப்பினால் எத்தனை திரும்பி வருகிறது என்றும் இல்லை. இந்த இரண்டையும் கேட்காமல் ஒரு ரூபாய் விளம்பரம்கூடத் தொடங்காதீர்கள் என்பதே என் கோரிக்கை.

விளம்பரத்தில் போடும் ஒரு ரூபாய்க்கு எத்தனை ரூபாய் விற்பனை எதிர்பார்க்கிறீர்கள் என்று ஒரு கேள்வி இருந்தது. திரையில் ROAS என்று வருகிறதே, அதுதான். எனக்குப் புரியவில்லை என்று போனில் கேட்டேன். "பொதுவாக மூன்று வந்தால் நல்லது சார்" என்றார்கள். மூன்று என்று எழுதினேன். என் கணக்கைக் கேட்க வேண்டிய இடத்தில் என் ஆசையைக் கேட்டார்கள், அந்த ஆசைக்கான எண்ணையும் அவர்களே சொல்லிக்கொடுத்தார்கள்.

கணக்கு இதுதான். சேலை 1,200 ரூபாய், ஜிஎஸ்டி உட்பட. அதில் வரி 57. சேலையின் அடக்கம் 640. உறையும் பெட்டியும் 25. கூரியர் 85. வாடிக்கையாளர் பணம் கொடுத்து வாங்கிக்கொண்டால் எனக்கு நிற்பது 393. வாசலில் பணம் தரும் முறையில் ஆர்டர் போட்டுவிட்டு வாங்க மறுத்தால், போன கூரியர் 85, திரும்பி வரும் கூரியர் 75, உறைக்கு 25 என்று 185 ரூபாய் என் கையை விட்டுப் போகும்.

முதல் மாதம் 120 ஆர்டர் வந்தது. விளம்பரச் செலவு 38,400, அதாவது ஓர் ஆர்டருக்கு 320. விற்பனை 1,44,000 என்று திரை காட்டியது. ஒரு ரூபாய்க்கு 3.75 ரூபாய். இலக்கைத் தாண்டிவிட்டோம் என்று பச்சை நிற அறிக்கை வந்தது. பட்ஜெட்டைக் கூட்டலாம் என்ற யோசனையும் அதோடு வந்தது.

அந்த 120 பார்சலில் 36 திரும்பி வந்தன. விற்ற 84 சேலையில் நின்றது 33,012. திரும்பியவற்றில் போனது 6,660. மிச்சம் 26,352. அதிலிருந்து விளம்பரச் செலவைக் கழித்தால் 12,048 ரூபாய் நட்டம். உங்கள் மாதக் கட்டணம் 15,000 அதற்கு மேல். நூற்றுக்கு முப்பது திரும்புகிற கடையில் ஓர் ஆர்டருக்கு விளம்பரத்தில் 219 ரூபாய்க்கு மேல் போட்டால் கைக்காசு கரையும். அதாவது விளம்பரத்தில் போடும் ஒரு ரூபாய்க்கு எனக்கு வேண்டியிருந்தது ஐந்தரை ரூபாய் விற்பனை. இரண்டு கேள்வி கேட்டிருந்தால் முதல் நாளே இது தெரிந்திருக்கும். ஓர் ஆர்டருக்கு விளம்பரச் செலவு 320 ரூபாய்க்குக் குறையாது என்று உங்களுக்குத் தோன்றியிருந்தால், இந்த விலையில் இந்தச் சேலைக்கு விளம்பரம் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம்.

இதில் பணத்தைவிட எனக்கு வலித்தது வேறு. திரும்பிய பார்சல்கள் உடனே வருவதில்லை. இரண்டு, மூன்று வாரம் வண்டியிலும் கிடங்கிலும் அலைந்துவிட்டு வருகின்றன. தீபாவளிக்கு முந்தைய வாரம் கடை வாசலில் வந்து நின்று அரக்குச் சிவப்பில் அந்தச் சேலையைக் கேட்டவர்களிடம் இல்லை என்று சொல்லி அனுப்பினேன். சேலை எங்கோ சாலையில் இருந்தது. முடிச்சுப் போட்ட பெண்களுக்குப் பண்டிகைக்கு முன் கூலி கொடுக்க வேண்டும். 36 சேலையின் அடக்கம், 23,040 ரூபாய், அந்த வண்டிகளில் சுற்றிக்கொண்டிருந்தது. நான் கடன் வாங்கிக் கொடுத்தேன். பண்டிகை முடிந்து சேலைகள் வந்தபோது மடிப்பு கலைந்திருந்தது. மறுபடி கஞ்சி போட்டு, தேய்த்து, மடித்து அடுக்கினோம்.

இது என் கவனக்குறைவு என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். ரிட்டர்ன் இருப்பது எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் திரையில் "வாங்கியது" என்று பதிவாவது, நன்றி சொல்லும் பக்கம் திறக்கும் அந்த நொடியில்தான் என்பது எனக்குத் தெரியாது. பணம் கைக்கு வந்ததா என்பது அந்தத் திரைக்குத் தெரியாது. அதைவிட மோசம், விளம்பர இயந்திரம் அந்தப் பதிவைப் பார்த்துத்தான் அடுத்த ஆளைத் தேடுகிறது. ஆர்டர் போட்டுவிட்டுக் கதவைத் திறக்காதவரும் அதன் கண்ணில் நல்ல வாடிக்கையாளர். அதனால் அவரைப் போன்றவர்களையே மேலும் கூட்டி வருகிறது. சேலை சேர்ந்த ஆர்டரை மட்டும் தகவலாகத் திருப்பி அனுப்பும் வழி இருக்கிறது. கூகுள் விளம்பரத்தில் 55 நாள் வரை, பதிவான ஒரு விற்பனையைக் கணக்கிலிருந்து நீக்கவும் முடிகிறது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். எங்கே பயன்படுத்த வேண்டும் என்பதற்குத்தான் ரிட்டர்ன் எத்தனை என்று கேட்க வேண்டும்.

கேட்கக் கூடாததை மட்டும் கேட்டீர்கள். 39-ஆவது கேள்வி: முகநூல் பக்கத்தின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும். எழுதிக் கொடுத்தோம். இரவு பதினொரு மணிக்கு என் மகளின் போனுக்கு ஓடிபி வரும், உடனே சொல்லுங்கள் என்று அழைப்பும் வரும். கடவுச்சொல் இல்லாமலே, கணக்கு எங்கள் பெயரில் இருக்க, உங்களுக்கு அனுமதி மட்டும் கொடுக்க முடியும் என்று பிறகு வேறொருவர் சொல்லித் தெரிந்தது. விளம்பரக் கணக்கை நிறுவனம் தன் பெயரில் திறந்திருந்ததால், விலகி வந்தபோது எந்த ஊரில் எந்த விளம்பரம் ஓடியது என்ற விவரம்கூட எங்களிடம் மிஞ்சவில்லை. 38,400 ரூபாய் கொடுத்துக் கற்ற பாடம் அந்தக் கணக்கோடு போய்விட்டது.

கோபத்தில் நிறைய எழுதிவிட்டேன், மன்னிக்கவும். உங்களில் நேர்மையாக உழைப்பவர்கள் பலர் என்பதை அறிவேன், படிவத்தை எழுதியவருக்குக் கெட்ட எண்ணம் இருந்ததாகவும் நினைக்கவில்லை. பெரிய கம்பெனிகளுக்காக எழுதிய படிவத்தை எங்களைப் போன்றவர்களுக்கும் அப்படியே அனுப்பிவிடுகிறீர்கள் என்றே தோன்றுகிறது.

தயவுசெய்து முதல் பக்கத்தில் இவற்றை வையுங்கள். ஒரு பொருளில் எல்லாச் செலவும் போக எவ்வளவு நிற்கிறது? வாசலில் பணம் தருபவர்கள் எத்தனை பேர், அதில் எத்தனை பார்சல் திரும்புகிறது, எந்தப் பின்கோடுகளிலிருந்து? அனுப்புவதற்கு முன் போன் செய்து உறுதிப்படுத்த ஆள் இருக்கிறாரா? எங்களில் பாதிப் பேருக்கு உடனே பதில் தெரியாது. அப்போது கடந்த மூன்று மாதக் கூரியர் பில்லைக் கேளுங்கள், அரைமணி நேரம் போனில் உடன் இருந்து கூட்டிப் பாருங்கள். அந்த எண் வரும்வரை விளம்பரத்தைத் தொடங்க வேண்டாம் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

நிறங்களைப் பற்றிய கேள்விகள் இருக்கட்டும், அதற்கும் ஆசையோடு பதில் எழுதுவோம்.

இப்படிக்கு,
ஒரு சேலை வியாபாரி,
சின்னாளபட்டி