முளைகட்டிய பயறும் ஒரு டிபன் டப்பாவும்: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியையின் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கும், காலையில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டிக்கொடுக்கும் ஆச்சி, தாத்தாமார்களுக்கும் வணக்கம்.

போன வாரம் புதன்கிழமை காலை இடைவேளையில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் டிபன் டப்பாவைத் திறந்தான். பக்கத்து பெஞ்சுப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்துவிட்டார்கள். உள்ளே இருந்தது முளைகட்டிய பாசிப்பயறு. விரலால் எடுத்துப் பார்த்தேன். வெண்டைக்காய் நறுக்கிய கை மாதிரி நூல் இழுத்தது. நல்ல வேளை, அவன் ஒரு வாய்கூட வைக்கவில்லை.

சாயங்காலம் அவன் அம்மா வந்தார். "நல்லதுன்னு நீங்க சொன்னிய, அதான் டீச்சர் செஞ்சேன்" என்றார். உண்மைதான். ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவு பள்ளியிலேயே கிடைத்த பிள்ளைகள், ஆறாம் வகுப்புக்கு வந்ததும் கடுங்காப்பியும் ரெண்டு பிஸ்கட்டுமாக வருகிறார்கள் என்று ஜூன் மாதக் கூட்டத்தில் சொன்னேன். 'பயறை ஊறவைத்து முளைகட்டிக் கொடுங்கள்' என்றும் சொன்னேன். எத்தனை மணி நேரம் ஊறவேண்டும், எப்படிக் கட்டவேண்டும் என்பதையெல்லாம் சொல்லாமல் ஒற்றை வரியில் முடித்துவிட்டது என் தப்பு. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

அந்த அம்மா செய்ததை அப்படியே கேட்டு எழுதிக்கொண்டேன். பெயர் சொல்லாமல் எழுதலாம் என்று அவரே சொன்னார். திங்கள் சாயங்காலம் 6 மணிக்கு ஊறவைத்தார். செவ்வாய் காலை 7 மணிக்குத் தண்ணீரை வடித்தார். ஈரத்துணியில் இறுக்கக் கட்டி, எவர்சில்வர் தூக்குக்குள் வைத்து மூடினார். புதன் காலை 6 மணிக்கு எடுத்து, உப்பும் எலுமிச்சையும் போட்டு, பச்சையாகவே டப்பாவில் அடைத்தார். இதில் பிழையென்று எனக்குப் படுவது நான்கு இடங்கள்.

முதலாவது, 13 மணி நேரம் ஊறியது. பயறு உயிருள்ள விதை. தண்ணீரைக் குடித்து உப்பிய பிறகு அதற்கு மூச்சுவிடக் காற்று வேண்டும். அதற்குமேல் தண்ணீரிலேயே கிடந்தால் மூச்சுமுட்டிச் சாகும்; செத்த விதையை நுண்ணுயிர்கள் பிடித்துக்கொள்ளும். மறுநாள் அறிவியல் டீச்சர் வகுப்பிலேயே மூன்று டம்ளரில் பயறைப் போட்டுக் காட்டினார். நாலு மணி நேரம் ஊறியதை நகத்தால் பிளந்தால், நடுவில் மாவு மாதிரி வெள்ளையாக இருந்தது, இன்னும் ஊறவில்லை. ஏழு மணி நேரத்தில் நன்றாக உப்பி, நகம் பட்டதும் வழுக்கிப் பிளந்தது. பதின்மூன்று மணி நேர டம்ளரில் தண்ணீர் மஞ்சளாகி மேலே நுரை கட்டி நின்றது; லேசாகப் புளித்த வாடை. அந்த வாடை வந்த பயறை எத்தனை தடவை கழுவினாலும் பயனில்லை. கோழிக்கும் போடாதீர்கள், குப்பைக்குழிதான்.

பங்குனி, சித்திரை வெயிலில் ஆறு மணி நேரமே போதும். சாரல் வீசும் நாட்களிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் எட்டு மணி நேரம் வைக்கலாம். மலையடிவாரத்தில் இருந்து வரும் பிள்ளைகளின் வீட்டுக்கும் பாளையங்கோட்டைப் பக்கம் இருக்கும் வீட்டுக்கும் ஒரு மணி நேரம் முன்பின் இருக்கும். கடிகாரத்தைவிட நகத்தால் பிளந்து பார்ப்பதுதான் கணக்கு.

ராத்திரி ஊறவைக்கிற பழக்கம் நமக்கு உண்டு. இட்லி மாவுக்கு அரிசி ஊறப்போடுகிற கையோடு பயறையும் போட்டுவிடுகிறோம். காலை டிபனுக்கு அது தோதுப்படாது. இப்படிச் செய்து பாருங்கள்: முதல் நாள் காலை 6 மணிக்கு ஊறவைத்து, மத்தியானம் 1 மணிக்கு வடியுங்கள். கழுவித் துணியில் கட்டித் தொங்கவிட்டு, சாயங்காலம் 6 மணிக்கும் ராத்திரி 10 மணிக்கும் நனையுங்கள். மறுநாள் காலை 5.30க்கு அவிழ்த்தால், அரை விரற்கடை நீளத்துக்கு வெள்ளையாக முளை வந்திருக்கும். அது போதும். வால் நீளவேண்டும் என்று இன்னொரு நாள் வைத்தால் கசப்பும் வரும், கெட்டுப்போகவும் வழி.

மத்தியானம் வீட்டில் ஆள் இல்லாதவர்கள் ராத்திரி 10 மணிக்கு ஊறவைத்து, காலை 5.30க்கு வடித்துக் கட்டலாம். அன்று ராத்திரி 9 மணிக்கு முளை தயார். பிரிட்ஜ் இருந்தால் மூடி போட்ட டப்பாவில் வைத்து மறுநாள் காலை சமையுங்கள். பிரிட்ஜ் இல்லையென்றால் அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கே அவித்துவிடுவது நல்லது.

இரண்டாவது பிழை, தூக்கில் மூடிவைத்தது. முளைக்கும் பயறு தானாகவே சூடாகும். கட்டியிருக்கும் மூட்டைக்குள் கைவிட்டுப் பார்த்தால் தெரியும். காற்று போகவேண்டும், அதிகப்படி ஈரம் சொட்டி இறங்கவேண்டும். அதனால் தளர்வாகக் கட்டி, எறும்பும் பூனையும் எட்டாத ஆணியில், நிழலில் தொங்கவிடுங்கள். துணி காய்ந்துபோனால் முளை நின்றுவிடும்; சொட்டச் சொட்ட இருந்தால் அழுகும். பிழிந்த வேட்டி மாதிரி ஈரமாக இருந்தால் சரி. நனைக்கும்போது துணியோடு சேர்த்து நல்ல தண்ணீரில் முக்கி எடுத்து வடியவிட வேண்டும். மேலே கையால் தெளித்தால் நடுவில் இருப்பதற்கு எட்டாது.

துணியைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய வெள்ளை வேட்டியில் கிழித்த துண்டு நல்லது. ஆனால் அதை இதற்கென்றே தனியாக வையுங்கள். ஒவ்வொரு தடவையும் கொதிக்கும் தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுத்து, வெயிலில் மொறுமொறுவென்று காயவையுங்கள். அடுப்பு துடைக்கிற துணியை அலசிக் கட்டுவது எங்கள் வீட்டிலேயே ஒரு காலத்தில் நடந்ததுதான்.

மூன்றாவது, பச்சையாகக் கொடுத்தது. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்லவேண்டும். நம் பக்கம் பயறு எப்படிக் காய்கிறது என்று உங்களுக்குத் தெரியும். நெல் அறுத்த வயலில் விதைத்துப் பிடுங்கிய செடியை ரோட்டிலும் களத்திலும் பரப்புகிறோம். ஆடு நடக்கும், நாய் படுக்கும், பஸ் ஏறிப்போகும். சாணத்தில் இருக்கும் கிருமி பயறின் தோல் வெடிப்பில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் கிடக்கும். நாம் அதற்கு ஈரமும் கதகதப்பும் கொடுத்து ஒரு நாள் வைக்கிறோம். பயறு முளைக்கத் தோதான அதே நிலைதான் கிருமி பெருகவும் தோது. 2011இல் ஜெர்மனியில் முளைகட்டிய வெந்தயத்தால் ஒரு வகை ஈ.கோலை கிருமி பரவி ஆயிரக்கணக்கானோர் படுத்தார்கள். ஐம்பது பேருக்கு மேல் இறந்தார்கள். கிருமி விதையோடுதான் வந்தது என்று விசாரித்தவர்கள் முடிவுக்கு வந்தார்கள்.

வாடை அடித்தால் கெட்டுவிட்டது என்று தெரியும். வாடை இல்லாவிட்டால் நல்லது என்று அர்த்தம் இல்லை. வயிற்றைக் கெடுக்கும் கிருமி பலவற்றுக்கு வாடையோ நிறமோ கிடையாது. கழுவினால் எண்ணிக்கை குறையும், முழுக்கப் போகாது. நன்றாக அவித்தால்தான் சாகும். ஆகவே, பள்ளிக்குப் பச்சை முளைப்பயறு வேண்டாம். வீட்டில் கைக்குழந்தை, கர்ப்பிணி, வயதானவர்கள் இருந்தால் அவர்களுக்கும் வேண்டவே வேண்டாம்.

அவித்தால் சத்து போய்விடாதா என்று அந்த அம்மாவும் கேட்டார். காய்ந்த பயறில் வைட்டமின் சி இல்லை என்றே சொல்லலாம்; முளைவிடும்போது உண்டாகிறது. அவிக்கும்போது அதில் ஒரு பங்கு போகும். அடுப்பை அணைத்து, சூடு கொஞ்சம் ஆறியபின் அரை மூடி எலுமிச்சை பிழிந்தால் அது ஈடாகிவிடும். பயறில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேரவும் அந்தப் புளிப்பு உதவும். புரதம் எங்கும் போகாது. ஒரு பிள்ளைக்கு ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் காய்ந்த பயறு எடுத்தால் ஏழு கிராம் புரதம் கிடைக்கும்.

நான்கு பேருக்கு அளவு சொல்கிறேன். ஒரு டம்ளர் பயறு, சுமார் 150 கிராம், எடுத்துக்கொள்ளுங்கள். முறத்தில் புடைத்து, வண்டு ஓட்டை போட்டதைப் பொறுக்கிவிடுங்கள். நாலு தண்ணீரில் கழுவி, காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் மூன்று டம்ளர் ஊற்றி ஊறவையுங்கள். மேலே மிதப்பதை அள்ளிக் கொட்டிவிடலாம், அது முளைக்காது. முளைத்த பிறகு ஊறாமல் கல்லாகவே கிடக்கும் பயறைத் தேடி எடுங்கள். போன வருஷம் ஒரு பிள்ளைக்குப் பல் நுனி உடைந்தது அதில்தான்.

முளைப்பயறை இட்லிக்கொப்பரைத் தட்டில் பரப்பி, ஆவி வந்ததிலிருந்து பத்து நிமிடம் மூடி வேகவையுங்கள். இரண்டு விரலால் நசுக்கினால் மசியவேண்டும். ஒரு ஸ்பூன் எண்ணெயில் கடுகு, வற்றல், கறிவேப்பிலை, நறுக்கிய சின்ன வெங்காயம் தாளித்து, பயறைப் போட்டு உப்போடு இரண்டு புரட்டு புரட்டினால் முடிந்தது. கூடவே ரெண்டு இட்லியோ, நனைத்த சிவப்பு அவலோ இருந்தால் வயிறு நிறையும். வீட்டிலேயே சாப்பிட்டு வரும் பிள்ளைக்குத் தேங்காய் துருவிப் போடுங்கள். டப்பாவில் கொடுத்துவிடுவதாக இருந்தால் தேங்காய் வேண்டாம், மத்தியானத்துக்குள் ஊசிவிடும். புதிதாகச் சாப்பிடும் பிள்ளைக்கு முதல் வாரம் பாதிக் கைப்பிடி போதும், வயிறு உப்பும்.

நான்காவது பிழையும் அந்த டப்பாதான். சுடச்சுட மூடினாலும் வியர்த்துக் கெடும், ஈரத்தோடு மூடினாலும் கெடும். ஆறவைத்து மூடுங்கள், காலை இடைவேளைக்குள் சாப்பிடச் சொல்லுங்கள். மத்தியானம் மிச்சம் இருந்தால் வீட்டுக்குக் கொண்டுவராமல் கொட்டிவிடச் சொல்லுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். நம் பிள்ளைகள் பலரின் வீட்டில் பீடி சுற்றுகிறீர்கள். தட்டை மடியில் இருந்து இறக்கிவைத்த கையோடு பயறை நனைக்கப் போகாதீர்கள். புகையிலைத் தூள் நகக்கண்ணில் நிற்கும்; சோப்புப் போட்டு நகத்தைத் தேய்த்துக் கழுவிவிட்டுத் தொடுங்கள். அப்புறம், விவசாயம் பார்க்கிற வீடுகளில் விதைப்புக்கு வாங்கிய பயறு மிஞ்சியிருக்கும். அதில் பூஞ்சாண மருந்து கலந்திருக்கும். பெரும்பாலும் சிவப்போ நீலமோ சாயம் ஏறியிருக்கும். கழுவினால் சாயம் போகலாம், மருந்து போகாது. பிள்ளைக்குச் சமைக்கும் பயறு தின்பதற்கென்று விற்பதாகவே இருக்கட்டும்.

வரும் வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்கு ஏழாம் வகுப்பு அறையில் செய்துகாட்ட ஏற்பாடு செய்திருக்கிறோம். டப்பாவைத் திறந்து மாட்டிக்கொண்ட பையனின் அம்மாதான் கட்டிக்காட்டப் போகிறார். போன சனிக்கிழமை அவர் கொண்டுவந்ததில் ஒரு பயறுகூட வழுக்கவில்லை. வருகிறவர்கள் ஒரு கைப்பிடி பயறும் ஒரு துணியும் கொண்டுவாருங்கள். துணியை வெந்நீரில் போட்டு எடுத்துக் காயவைத்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை