தூக்கிவிட ஒரு கை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் உடல்நலக் கட்டுரையில் 'பெண்களின் தசையே மென்மையான வகை' என்று ஒரு வரி வந்திருந்தது. முப்பது வருடம் பெண் பிள்ளைகளுக்கு விளையாட்டு ஆசிரியையாக இருந்தவள் என்பதால், சும்மா விட மனம் வரவில்லை.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விடியற்காலையில் நின்று பாருங்கள். மூட்டையைத் தலைக்கு ஏற்றும்போதுதான் "ஒரு கை பிடிங்கண்ணே" என்பார் பூ சுமக்கும் அம்மா. மூட்டை சும்மாட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டால் அப்புறம் யார் துணையும் வேண்டாம், விறுவிறுவென்று நடந்துவிடுவார். தூக்குவது தோளும் கையும், சுமப்பது கால். ஆண், பெண் வித்தியாசம் அதிகம் தெரிவது தூக்குவதில்தான்.

1993-ல் வந்த ஓர் ஆய்வில் பெண்களின் மேலுடல் பலம் ஆண்களுடையதில் ஏறக்குறையப் பாதி, கால் பலம் மூன்றில் இரண்டு பங்கு. சோதித்தது 16 பேரைத்தான் என்றாலும், 2000-ல் 468 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோதும் தசை அளவில் இடைவெளி மேலுடலில்தான் அதிகமாக இருந்தது. முக்கியமான விஷயம் வேறு. புஜத்தசையில் உள்ள நார்களின் எண்ணிக்கை இருபாலருக்கும் ஏறக்குறைய ஒன்றே. பெண்களுக்கு ஒவ்வொரு நாரும் மெலிது, அவ்வளவுதான். தசையின் பருமனோடு ஒப்பிட்டால் பலத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

பன்னிரண்டு வயது வரை பையனும் பெண்ணும் கிட்டத்தட்ட சமம். பிறகு ஆண்களிடம் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் பல மடங்கு ஏறுகிறது. தோள் எலும்பு விரிகிறது, மேலுடலில் தசை கூடுதலாகச் சேர்கிறது. சட்டென்று வேகமாக இழுக்கும் நார்கள்தான் அதிகம் பருக்கின்றன. பெண்களின் தசையில் நிதானமாக உழைக்கும் நார்களின் பங்கு கூடுதல். அவரவர் பலத்தில் பாதியைத் தாங்கிப் பிடிக்கச் சொன்னால் பெரும்பாலும் பெண்களே அதிக நேரம் தாங்குகிறார்கள்.

இப்போது திருமங்கலத்தில் சின்ன உடற்பயிற்சிக் கூடம் வைத்திருக்கிறேன். அக்கா, தம்பி இருவர் வந்தார்கள். மல்லாந்து படுத்து நெஞ்சுக்கு மேலே தூக்கும் பயிற்சியில் தம்பி 40 கிலோ, அக்கா 20. இருவருக்கும் அவ்வப்போது 5 கிலோ ஏற்றினேன். 25 கிலோவிலேயே அந்தப் பெண் நின்றுவிட்டாள். "பொம்பளப் பிள்ளைக்கு அவ்வளவுதான்" என்றார் அவள் அப்பா. தப்பு என்னுடையது. 40-க்கு 5 என்றால் எட்டில் ஒரு பங்கு. 20-க்கு அதுவே கால் பங்கு! ஒன்றேகால் கிலோ தட்டு ஒரு ஜோடி வாங்கி, இரண்டரை இரண்டரையாக ஏற்றினேன். நான்கு மாதத்தில் தம்பி 60, அக்கா 30. இருவருக்குமே பாதி மடங்கு கூடியிருந்தது.

தட்டு வாங்கிய பணத்தை அப்பாவே கொடுத்துவிட்டார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
திருமங்கலம்