அந்த 14,999 ரூபாயைக் கட்டாதே

அன்பு மகளுக்கு,

நேற்று நீ போனில் கேட்டாயே, "அம்மாவுக்கு சுகர், எலும்பு தேய்மானம் ரெண்டும் இருக்காம், வருஷ பேக்கேஜ் எடுக்கச் சொல்றாங்க, கட்டிடவாப்பா?" என்று. அம்மா பக்கத்தில் இருந்ததால் விவரமாகப் பேச முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். பணம் கட்டாதே. இன்று மாலையோடு ஆஃபர் முடிகிறது என்று அவர்கள் சொன்னால் முடிந்துபோகட்டும்.

நடந்தது இதுதான். போன ஞாயிற்றுக்கிழமை நம் தெரு நலச்சங்கக் கட்டடத்தில் இலவச மருத்துவ முகாம் என்று பேனர் கட்டினார்கள். எதிர்வீட்டு அக்காவோடு அம்மாவும் போனாள். காலையில் இட்லி சாப்பிட்டு, அங்கே போனதும் அவர்கள் கொடுத்த கேசரியையும் சாப்பிட்டுவிட்டு வரிசையில் நின்றிருக்கிறாள். முதல் மேசையில் ஒரு படிவம். பெயர், வயது, வாட்ஸ்அப் எண், வீட்டு விலாசம், யார் யாருக்கு என்ன நோய், இன்சூரன்ஸ் இருக்கிறதா, பிள்ளைகள் எந்த ஊரில் வேலை செய்கிறார்கள், அவர்கள் எண் என்ன. இத்தனையும் எழுதி வாங்கிய பிறகுதான் பிரஷர் பார்க்கும் மேசைக்கே விட்டார்கள். உன் எண் அவர்களுக்கு எப்படிப் போனது என்று கேட்டாயே, இப்படித்தான். ரத்த அழுத்தம் பார்க்க உன் எண் எதற்கு என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. முகாமே அந்தப் படிவத்துக்காகத்தான். அதில் உன் வரிதான் விலை உயர்ந்த வரி. வெளியூரில் சம்பாதிக்கிற பிள்ளை, பக்கத்தில் இருந்து பார்க்க முடியவில்லையே என்ற உறுத்தலில் யோசிக்காமல் கட்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்றையும் கவனி. ரிசல்ட்டைக் கையில் எழுதித் தரவில்லை. "வாட்ஸ்அப்பில் வரும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சர்க்கரை, பிரஷர் இரண்டையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்க அரை நிமிடம் ஆகாது. எண் தவறாக இருந்தால் ரிப்போர்ட் வராது என்ற பயத்தில் எல்லோரும் சரியான எண்ணைத்தான் கொடுப்பார்கள், அதற்கான ஏற்பாடு அது.

சரி, ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். அரசு ஆஸ்பத்திரி லேபில் இத்தனை வருஷம் ரத்தம் எடுத்தவன், இதையாவது நான் உனக்குச் சரியாகச் சொல்ல வேண்டும். சர்க்கரை 168 என்று போட்டு சிவப்பு வட்டம் போட்டிருக்கிறார்கள். அது விரல் நுனியில் குத்தி குளுக்கோமீட்டரில் பார்த்தது. அந்தக் கருவி லேப் அளவைவிட 15 சதவீதம் வரை கூடவோ குறையவோ காட்டலாம், நல்ல கருவிக்கே அந்த அளவு அனுமதி உண்டு. 168 என்பது உண்மையில் 150ஆகவும் இருக்கலாம், 190ஆகவும் இருக்கலாம். போதாக்குறைக்கு கேசரி தின்ற கை. விரலில் இனிப்பு ஒட்டியிருந்தால் முதல் சொட்டில் அளவு ஏறிவிடும். கையைக் கழுவச் சொல்லவில்லை, பஞ்சால் துடைத்ததோடு சரி. அப்படியே 168 சரி என்று வைத்துக்கொண்டாலும், சாப்பிட்ட பிறகு ஏதோ ஒரு நேரத்தில் எடுத்த ஒற்றை அளவை வைத்துச் சர்க்கரை நோய் என்று சொல்ல முடியாது. அப்படி எடுத்தது 200க்கு மேல் இருந்து, தாகம், அடிக்கடி சிறுநீர் போன்ற அறிகுறிகளும் இருந்தால்தான் அந்தப் பேச்சே வரும். வெறும் வயிற்றில் 126, அல்லது கடந்த மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.5, இவைதான் எல்லைக்கோடு. அதையும் ஒரு முறைக்கு இரு முறை பார்த்துத்தான் உறுதி செய்வார்கள்.

திங்கள்கிழமை காலையில் அம்மாவை வெறும் வயிற்றோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். வெறும் வயிற்றில் 96, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 134. இரண்டும் சரியான அளவு. காசு எதுவும் கேட்கவில்லை, ரிசல்ட்டை நோட்டிலேயே எழுதிக் கொடுத்தார்கள்.

எலும்பு விஷயம் இன்னும் நுணுக்கமானது. குதிகாலை ஒரு சின்னப் பெட்டிக்குள் வைக்கச் சொல்லி, ஜெல் தடவிப் பார்த்திருக்கிறார்கள். அது அல்ட்ராசவுண்ட். அதில் டி-ஸ்கோர் மைனஸ் 1.9 என்று வந்ததாம். எலும்புத் தேய்மானத்துக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் மைனஸ் 2.5 போன்ற அளவுகோல்கள் இடுப்பிலும் முதுகெலும்பிலும் டெக்ஸா என்ற எக்ஸ்ரே ஸ்கேனில் எடுக்கும் அளவுக்கானவை. குதிகால் கருவியின் எண்ணை அந்த அளவுகோலில் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அதோடு, டி-ஸ்கோர் என்பது இளம் வயது ஆட்களின் எலும்போடு ஒப்பிட்டுச் சொல்வது. அறுபது தாண்டிய பெண்கள் பலருக்கும் அது மைனஸில்தான் வரும். வரிசையில் நின்ற பெண்கள் எல்லோருக்கும் சிவப்புதான் என்று எதிர்வீட்டு அக்கா சிரித்துக்கொண்டே சொன்னாள். அதற்காக அம்மாவின் எலும்பை அலட்சியமாக விடப்போவதில்லை. டாக்டரிடம் கேட்டேன். முன்பு எலும்பு முறிந்திருக்கிறதா, உயரம் குறைந்திருக்கிறதா, ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டாளா என்று கேட்டுவிட்டு, டெக்ஸா ஒன்று எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம், அவசரமில்லை என்றார். அடுத்த மாதம் எடுப்போம்.

அப்புறம் அந்தப் பேக்கேஜ். "92 டெஸ்ட்" என்று உனக்கு அனுப்பிய படத்தைப் பார்த்தேன். ஒரே ட்யூபில் எடுத்து ரத்த அணுக்களை எண்ணும் சிபிசி என்ற ஒரு பரிசோதனையை, மெஷின் தானாக அச்சடிக்கும் ஒவ்வொரு வரியையும் எண்ணி, இருபதுக்கு மேல் ஆக்கிவிட்டார்கள். கொழுப்பில் மூன்றை அளந்துவிட்டு, மீதியைக் கூட்டிக் கழித்து வகுத்து எட்டு என்கிறார்கள். எண்ணிக்கை கூடுவதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. லேபில் 'நார்மல்' என்ற வரம்பையே ஆரோக்கியமான நூறு பேரில் 95 பேர் உள்ளே வரும்படிதான் போடுவார்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனை செய்தால், எந்த நோயும் இல்லாதவருக்கே ஏதாவது ஒன்று சிவப்பில் வர நூற்றுக்கு 64 வாய்ப்பு. 92 வரிகளில் சிவப்பே இல்லாத ரிப்போர்ட்டைப் பார்ப்பது அபூர்வம். அந்தச் சிவப்பை வைத்து அடுத்த பேக்கேஜ், டயட் ஆலோசனை, சத்து மாத்திரை என்று போய்க்கொண்டே இருக்கும்.

நேற்று ஒரு இன்சூரன்ஸ் பையன் அம்மாவைக் கூப்பிட்டு, "மேடம், உங்களுக்கு சுகர் இருக்குல்ல, அதையும் கவர் பண்ற பாலிசி" என்றான். எனக்குச் சுருக்கென்றது. இல்லாத நோய் அதற்குள் யாரோ ஒருவரின் பட்டியலில் ஏறிவிட்டது. படிவத்தின் நகல் எதிர்வீட்டில் இருந்தது, வாங்கிப் பார்த்தேன். அடியில் பொடி எழுத்தில், நிறுவனமும் அதன் கூட்டாளிகளும் தொடர்புகொள்ளச் சம்மதம் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி, அதன் கீழ் கையெழுத்து. அப்படிச் சம்மதம் கொடுத்துவிட்டால், விளம்பர அழைப்பு வேண்டாம் என்று டிஎன்டியில் பதிந்திருந்தாலும், "அவங்களே சம்மதிச்சாங்க" என்று அந்தக் கையெழுத்தைக் காட்டுவார்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கொடுத்தது எவ்வளவு சுலபமோ அவ்வளவு சுலபமாகத் திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும் என்கிறது. அதை வைத்து அந்த நிறுவனத்துக்கு அம்மா பெயரில் ஒரு மெயில் போட்டிருக்கிறேன். சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறோம், அம்மாவின் எண்ணையும் மகளின் எண்ணையும் பரிசோதனை விவரங்களையும் அழித்துவிட்டுப் பதில் தரவும், யாருக்கெல்லாம் கொடுத்தீர்கள் என்றும் சொல்லவும் என்று. பதில் வருமோ வராதோ, எழுத்தில் ஒன்று இருக்கட்டும்.

நீயும் இதே போல ஒன்று அனுப்பு, உன் எண்ணுக்கு நீ சம்மதமே கொடுக்கவில்லை என்று. பேக்கேஜ் எடுக்கச் சொன்ன அந்தப் பெண் மறுபடி கூப்பிட்டால் கோபப்படாதே, அவளுக்கும் டார்கெட் இருக்கும். ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டரின் பெயரும் மருத்துவ கவுன்சில் பதிவு எண்ணும் மட்டும் கேள். அம்மாவிடம் பேசும்போது சுகர் பேச்சை எடுக்காதே. மூன்று நாளாகக் காபியில் சர்க்கரை போடாமல் குடித்துக்கொண்டிருந்தவள், இன்றுதான் பழையபடி ஒன்றரை ஸ்பூனுக்கு வந்திருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா