பிராண்ட் நிறம் குறித்த புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
பொருள்: நீங்கள் தந்த பச்சையில் எழுத்தைப் படிக்க முடியவில்லை

ஐயா / அம்மையீர்,

எங்கள் நிறுவனத்துக்கு நீங்கள் அமைத்துத் தந்த நிறத் தொகுப்பில் முதன்மை நிறம் #00C9A7. உங்கள் திரையில் காட்டியபோது அந்த நீலப்பச்சை பளிச்சென்று இருந்தது, நாங்களும் சரி என்றோம். அதை நம்பி விசிட்டிங் கார்டும் அடித்தோம், இணையதளமும் கட்டினோம். இரண்டிலும் மாட்டிக்கொண்டோம்.

கார்டில் வெள்ளைத் தாளில் இதே பச்சையில் 7 பாயிண்ட் அளவில் தொலைபேசி எண் இருக்கிறது. அதில் 3 எது, 8 எது என்று தெரியவில்லை. அச்சகத்தில் லென்ஸ் வைத்துக் காட்டினார்கள். எண்ணின் ஓரம் கோடாகவே இல்லை, புள்ளி புள்ளியாக உடைந்திருந்தது. இந்தப் பச்சைக்குச் சயான் என்ற நீல மை சுமார் 70, மஞ்சள் மை 45 சதவீதம்தான் விழுகிறதாம். இரண்டில் ஒரு மை கூட முழுதாக விழாததால் மெல்லிய எழுத்துக்கு ஓரமே கிடைக்கவில்லை. அந்தப் பளபளப்பும் போய்விட்டது. ஒளியால் வரும் நிறத்தை நான்கு மைகளால் அப்படியே கொண்டுவர முடியாது என்பது உங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்ததுதானே? அச்சுக்கென்று அந்த நான்கு மைகளின் சி.எம்.ஒய்.கே. மதிப்புகளைக்கூட நீங்கள் தரவில்லை. அச்சகமே மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று.

சரி, திரையிலாவது தேறும் என்று பார்த்தால் அங்கேயும் கோளாறு. இந்தப் பச்சைப் பொத்தானின் மேல் வெள்ளை எழுத்து. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாட்டை, அதாவது கான்ட்ராஸ்டை, கணக்குப் போட்டால் 2.1:1 தான் வருகிறது. இணையதளங்களை எல்லோரும் பயன்படுத்த முடியவேண்டும் என்பதற்கான டபிள்யூ.சி.ஏ.ஜி. விதிமுறை சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 கேட்கிறது. இது இரண்டுக்குமே எட்டவில்லை. வெயிலில் போனைப் பிடித்தால் பொத்தானில் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரிவதில்லை. பார்வை மங்கிய வாடிக்கையாளர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

அந்தப் பச்சையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. பெரிய பரப்புக்கும் லோகோவுக்கும் அது அழகுதான். ஆனால் எழுத்துக்கென்று அதே குடும்பத்தில் அடர்த்தியான ஒரு நிறம் வேண்டும். நான் #00695C வைத்துப் பார்த்தேன். வெள்ளையின் மேல் 6.6:1 வருகிறது. அச்சிலும் இதற்குச் சயானை முழுதாகவே வைக்கலாம், அப்போது எழுத்துக்கு ஓரம் நிற்கும். ஆனால் இதையே பழைய பச்சையின் மேல் வைத்தால் 3.1 தான். ஆகவே அந்தப் பச்சைப் பொத்தானில் கறுப்பு எழுத்து வரவேண்டும். எந்த நிறத்தின் மேல் எந்த எழுத்து என்று ஜோடி ஜோடியாக எழுதித் தாருங்கள்.

அப்புறம், பூச்சுள்ள தாள், பூச்சில்லாத தாள் இரண்டிலும் ப்ரூஃப் எடுத்து, 7 பாயிண்ட் எழுத்தோடு எனக்கு அனுப்புங்கள். திரையில் தெரிவதை மட்டும் பார்த்து இனி ஒப்புதல் தரமாட்டேன். திருத்திய தொகுப்பைக் கூடுதல் கட்டணம் இல்லாமல் 10 நாட்களுக்குள் தரவேண்டும். வீணான கார்டுகளின் அச்சுச் செலவையும் நீங்களே ஏற்க வேண்டும். கார்டு ஒன்றையும் அச்சக ரசீதின் நகலையும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்