‘கேட்பான்’ என்பதற்குப் பின் ஒரு முற்றுப்புள்ளி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளிவந்த குர்ஆன் மொழிபெயர்ப்புக் கட்டுரையில், அரபியின் ‘இன்’ என்ற நிபந்தனைச் சொல்லுக்குத் தமிழின் ‘ஆல்’ விகுதி போதும், அதற்கு மேல் சிக்கல் எதுவும் இல்லை என்று எழுதியிருந்தார்கள். சான்றாக அல்பகரா அத்தியாயத்தின் 284-ஆம் வசனத்தை இப்படித் தந்திருந்தார்கள்: “உங்கள் உள்ளங்களில் இருப்பதை நீங்கள் வெளிப்படுத்தினால் அல்லது மறைத்தால், அல்லாஹ் அதற்காக உங்களிடம் கணக்குக் கேட்டு, தான் நாடியவரை மன்னித்து, தான் நாடியவரைத் தண்டிப்பான்.” படிக்க ஓட்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் ஊர்ப் பள்ளிவாசல்களில் ஓதப்படும் வசனம் இந்த வாக்கியத்தில் இல்லை.

நிபந்தனைப் பகுதியை முதலில் பார்ப்போம். “வஇன் துப்தூ மா ஃபீ அன்ஃபுஸிகும் அவ் துக்ஃபூஹு யுஹாஸிப்கும் பிஹில்லாஹ்.” நிபந்தனை இல்லாத இடத்தில் ‘துப்தூன’, ‘துக்ஃபூன’ என்று வரவேண்டிய வினைகள் இவை. முன்னால் ‘இன்’ வந்ததும் இரண்டிலும் இறுதி ‘ன’ உதிர்ந்துவிட்டது. இதையே அரபு இலக்கணமான நஹ்வில் ‘ஜஸ்ம்’ என்கிறோம். ‘இன்’ இத்தோடு நிற்பதில்லை. விளைவைச் சொல்லும் வினையையும் அது பிடிக்கிறது. ‘யுஹாஸிபுகும்’ என்பது ‘யுஹாஸிப்கும்’ ஆகி, ‘பு’வின் உகரம் போய், உயிரொலி இல்லை என்று காட்டும் சுகூன் வந்துவிட்டது. நிபந்தனையாகிய ஷர்த்து, விளைவாகிய ஜவாப் இரண்டும் ஒரே கட்டில் இருப்பது வினையின் உருவத்திலேயே தெரிகிறது.

தமிழில் அப்படி இல்லை. நம் ‘ஆல்’ நிபந்தனை வினையோடு சரி. ‘கணக்குக் கேட்பான்’ என்பது நிபந்தனை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ‘கேட்பான்’தான். (தொல்காப்பியர் சொல்லும் ‘செயின்’ என்னும் எச்சத்திலும் ஓர் ‘இன்’ இருக்கிறது என்று வகுப்பில் மாணவர்கள் துள்ளுவார்கள். ஒலி ஒன்றுதான், உறவு கிடையாது. அரபியில் அது வாக்கியத்தின் வாசலிலேயே நிற்கும். தமிழில் வினையின் வாலில் வரும்.)

‘வெளிப்படுத்தினால் அல்லது மறைத்தால்’ என்பதையும் நான் ஏற்கவில்லை. இரண்டில் எது நடந்தாலும் விளைவு ஒன்றே என்பதுதான் ‘அல்லது’ என்னும் அந்த ‘அவ்’ இங்கே தரும் பொருள். அதற்குத் தமிழிலேயே வடிவம் இருக்கிறது: ‘வெளிப்படுத்தினாலும் மறைத்தாலும்’. ஆனால் ‘ஆலும்’ இரட்டையாக வரவேண்டும். ‘மறைத்தாலும் கணக்குக் கேட்பான்’ என்று ஒற்றையாக எழுதினால், மறைத்தது ஒரு தடை போலவும் அதையும் மீறிக் கேட்பது போலவும் தொனிக்கும்.

கட்டுரை சறுக்கிய இடம் இதற்கு அடுத்தது: “ஃபயக்ஃபிரு லிமன் யஷாஉ வயுஅத்திபு மன் யஷாஉ.” இங்கே ‘யக்ஃபிரு’, ‘யுஅத்திபு’ என்று இறுதி உகரம் அப்படியே இருக்கிறது. குர்ஆன் பிரதியாகிய முஸ்ஹஃபைத் திறந்து ரா, பா எழுத்துகளின் தலையில் இருக்கும் உகரக் குறியான ளம்மாவை யாரும் பார்த்துக்கொள்ளலாம். அதாவது இந்த வினைகள் ஜஸ்மில் இல்லை, உகரத்தில் முடியும் இயல்பான ரஃப்உ நிலையில் இருக்கின்றன. குர்ஆனை ஓதும் முறைகள் பல இமாம்களின் வழியாக வந்தவை; நாம் ஓதுவது அவர்களில் ஆஸிமிடமிருந்து ஹஃப்ஸ் வழியாக வந்த ஓதல். இப்னு ஆமிரின் ஓதலும் இங்கே இப்படியே. நாஃபிஉ, இப்னு கஸீர், அபூ அம்ர், ஹம்ஸா, கிஸாயீ ஆகியோரின் ஓதலில் ‘ஃபயக்ஃபிர்’, ‘வயுஅத்திப்’ என்று சுகூன் வருகிறது. நாஃபிஉவின் ஓதலை வர்ஷ் வழியாக ஓதும் வட ஆப்பிரிக்க நாடுகளில் அச்சாகும் பிரதிகளில் அப்படித்தான் இருக்கும். எழுத்துகள் எல்லாம் அவையே. மாறுவது குறி மட்டும்.

குறி மாறினால் கட்டு மாறுகிறது. சுகூன் வைத்து ஓதினால் மன்னிப்பதும் தண்டிப்பதும் ‘யுஹாஸிப்கும்’ என்பதோடு கோக்கப்பட்டு, மூன்றும் நிபந்தனையின் விளைவுக்குள் அடங்கும். ளம்மா வைத்து ஓதினால் ஜவாப் ‘யுஹாஸிப்கும்’ என்பதோடு முடிந்துவிடுகிறது. அடுத்து வருவது புது வாக்கியம்; ‘ஹுவ’, அதாவது ‘அவன்’ என்ற எழுவாய் அங்கே தொக்கி நிற்கிறது என்று இலக்கணிகள் விளக்குவார்கள். ‘ஃப’ இருப்பதால் ‘அதன் பின்’ என்ற வரிசை போய்விடவில்லை. நிபந்தனையின் பிடி மட்டும் தளர்கிறது.

நம் ஊர் வாக்கியம் ஒன்றில் இதைச் சோதிக்கலாம். “தாமிரபரணியில் வெள்ளம் வந்தால் குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்கி, உற்சவர் கரையிலுள்ள மேலக்கோயிலுக்குப் போவார்.” இதில் மூழ்குவதும் போவதும் வெள்ளத்தைப் பொறுத்தவை. “வெள்ளம் வந்தால் கோயில் மூழ்கும். மண்டபம் அசையாது.” இதில் மண்டபம் அசையாமல் இருப்பதற்கு வெள்ளம் வரவேண்டியதில்லை. வினையின் உருவத்தில் அரபி காட்டும் வேறுபாட்டைத் தமிழ், எச்சத்தைத் தொடுப்பதா, முற்றாக வெட்டுவதா என்பதில் காட்டுகிறது. நமக்கு வினைமுற்றில் ஜஸ்ம் இல்லையென்றாலும் இந்தக் கருவி கையில் இருக்கிறது. கட்டுரையாளர் அதை எடுத்தார், எதிர்ப்பக்கத்துக்குப் பயன்படுத்திவிட்டார். ‘கேட்டு, மன்னித்து, தண்டிப்பான்’ என்ற தொடர் நாஃபிஉவின் ஓதலுக்கு உரியது. பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அரபு மூலமோ ஹஃப்ஸ்.

நாஃபிஉவின் ஓதலுக்கு என்று வைத்துக்கொண்டாலும் அந்தத் தொடரில் ஒரு குறை இருக்கிறது. ‘மன்னித்து, தண்டிப்பான்’ என்றால் முற்றின் கனம் முழுவதும் தண்டனை மேல் இறங்கி, மன்னிப்பு வழியில் கடந்துபோகிற செயலாகிவிடுகிறது. அரபியில் இரண்டும் சமம். “கணக்குக் கேட்டு, தான் நாடியவரை மன்னிக்கவும் தான் நாடியவரைத் தண்டிக்கவும் செய்வான்” என்றால் கட்டும் நிற்கும், சமமும் நிற்கும். ஹஃப்ஸுக்கு நான் எழுதுவது இது:

“உங்கள் உள்ளங்களில் இருப்பதை நீங்கள் வெளிப்படுத்தினாலும் மறைத்தாலும் அதற்காக அல்லாஹ் உங்களிடம் கணக்குக் கேட்பான். பின்னர் அவன், தான் நாடியவரை மன்னிப்பான். தான் நாடியவரைத் தண்டிப்பான்.”

அந்த ‘அவன்’ நானாகச் சேர்த்தது அன்று. தொக்கி நிற்கும் ‘ஹுவ’தான் அது.

மூன்றாவதாக ‘ஃபயக்ஃபிர’ என்று, இறுதியில் அகரம் வரும் நஸ்பு நிலையில் வைத்தும் ஓர் ஓதல் நபித்தோழர் இப்னு அப்பாஸிடமிருந்து அறிவிக்கப்படுகிறது. அது தொழுகையில் ஓதும் ஓதல்களில் சேராது. இலக்கணத்துக்கு மட்டும் பயன்படும். ஜவாபுக்குப் பின் ‘ஃப’ அல்லது ‘வ’ சேர்ந்து வரும் வினைக்கு மூன்று நிலைகளும் பொருந்தும் என்று இப்னு மாலிக் தம் இலக்கணச் செய்யுள் நூலான அல்ஃபிய்யாவில் ஒரே அடியில் சொல்லிவிடுகிறார். நஸ்பில் ‘அன்’ என்னும் இடைச்சொல் மறைந்திருப்பதால் வினை பெயர்த்தன்மை பெறுகிறது. தமிழில் ‘கணக்குக் கேட்டலும் அதன்பின் மன்னித்தலும் நிகழும்’ என்று தொழிற்பெயரால்தான் அதை நெருங்க முடியும். அழகில்லைதான்.

அடுத்த பகுதியில் இப்ராஹீம் அத்தியாயத்தின் 7-ஆம் வசனம் வருமென்று அறிவித்திருக்கிறார்கள். அங்கே இருப்பது ‘லஇன் ஷகர்தும்’. அந்த ‘ல’ சத்தியத்தின் லாம். ஆகவே ‘லஅஸீதன்னகும்’ என்பது சத்தியத்துக்கு ஜவாப், நிபந்தனைக்கு அன்று. அதனால்தான் அங்கே ஜஸ்ம் இல்லாமல் அழுத்தத்தின் நூன் இரட்டித்து நிற்கிறது. ‘நன்றி செலுத்தினால் அதிகமாக்குவேன்’ என்று மட்டும் எழுதி அனுப்பியிருந்தால், அச்சுக்குப் போகுமுன் ‘நிச்சயமாக’ என்ற ஒரு சொல்லையாவது சேர்த்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அரபு இலக்கண ஆசிரியர் ஒருவர்,
மேலப்பாளையம், திருநெல்வேலி.