அந்த ஒரு எண்ணை வைத்து மார்க்கைக் குறைக்காதீர்கள்

பல்கலைக்கழகத் தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். ஆங்கில அசைன்மென்டில் ஏஐ கண்டறியும் கருவி 20 சதவீதத்துக்கு மேல் காட்டினால் சுழியம் என்று இந்தப் பருவத்தில் முடிவெடுத்திருக்கிறீர்கள். அந்த எண்ணை மட்டும் வைத்து யாருக்கும் மார்க்கைக் குறைக்க வேண்டாம் என்று கேட்கவே இந்த மடல்.

எழுதியது யார் என்பது அந்தக் கருவிக்குத் தெரியாது. ஒரு சொல்லுக்கு அடுத்து எது வரும் என்று எவ்வளவு எளிதில் ஊகிக்க முடிகிறது என்பதைத்தான் முக்கியமாக அளக்கிறது. எதிர்பார்த்த சொல்லே வரவர எண் ஏறும். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படித்தவர்கள் தெரிந்த கொஞ்சச் சொற்களையே புழங்குவதால் சீக்கிரம் சிக்குகிறார்கள். 2023-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை 7 கருவிகளில் போட்டார்கள். சராசரியாக 61 சதவீதத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் இயந்திரம் எழுதியவை என்று வந்தது. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ தன் சொந்தக் கண்டறியும் கருவியையே, துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் விலக்கிக்கொண்டது.

இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. வீட்டில் ஆங்கிலம் பேசாத ஒரு மாணவி படிக்கும் பாடச் சுருக்கமும், வாட்ஸப்பில் வரும் மாதிரி விடையும் ஏஐ எழுதியவை. "பிளேஸ் எ குரூஷியல் ரோல்", "இட் இஸ் இம்பார்ட்டன்ட் டு நோட்" போன்ற தொடர்கள்தான் அவளுக்குக் கிடைத்த நல்ல ஆங்கிலம். செல்போன் இல்லாத தேர்வறையில், பேனாவால் எழுதும்போதும் அவையே வரும். அந்த விடைத்தாள் உங்கள் கட்டுகளில்தான் இருக்கிறது. எடுத்து அசைன்மென்ட் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கற்றுக்கொண்ட தொடர் பிழையில்லாமல் இருக்கும். அதை அடுத்த வாக்கியத்தோடு சேர்க்கும் இடத்தில் ஒரு 'தி' விட்டுப்போயிருக்கும், காலம் மாறியிருக்கும். அந்தத் தையல் இரண்டு தாளிலும் ஒன்றுபோல் இருந்தால் எழுத்து பெரும்பாலும் அவளுடையதே.

கூகுள் டாக்ஸின் திருத்த வரலாறும் உதவும். ஆனால் முழுக் கட்டுரையும் ஒரே நொடியில் ஒட்டப்பட்டிருந்தால் உடனே திருட்டு என்று எழுதிவிடாதீர்கள். செல்போனில் தட்டி வைத்துக் கல்லூரிக் கணினியில் ஒட்டுகிறவர்கள் நிறைய. சந்தேகம் தீராவிட்டால் பத்து நிமிடம் உட்காரவைத்து, அவள் எழுதிய ஒரு பத்தியைக் காட்டி, "இதை வேறு மாதிரி சொல்லு, இந்த உதாரணம் ஏன் எடுத்தாய்?" என்று கேளுங்கள். தமிழிலேயே பதில் சொல்லட்டும். பிறர் எழுத்தைக் கொடுத்தவர் பெரும்பாலும் இங்கே தடுமாறுவார். அப்படி உறுதியானால் தண்டியுங்கள், நாங்கள் குறுக்கே நிற்கவில்லை.

கைடில் இருந்த பத்தியை அப்படியே மனப்பாடம் செய்து எழுதியபோது முழு மார்க் போட்டவர்கள் நாம். சொந்தமாக ஒரு வாக்கியம் அமைக்கப் பன்னிரண்டு வருடம் சொல்லித்தராமல், இன்று அவள் எழுத்து இயந்திரம்போல் இருக்கிறது என்று தண்டிப்பது எந்த நியாயம்?

கோபம் வெளிப்பட்டிருந்தால் பொறுத்தருளுங்கள். இந்தப் பருவத்தில் எண்ணை மட்டும் வைத்துப் போட்ட சுழியங்களை நிறுத்திவையுங்கள். ஒவ்வொருவரையும் விடைத்தாளோடு அழைத்துப் பேசிய பிறகு முடிவு செய்யும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஆங்கிலத் துறை ஆசிரியர்கள் சிலர்